பிளான்ட் மனேஜருக்குப் பிரியாவிடைப் பேச்சு: தமிழும் இங்கிலீசும் கலந்து எப்படி எழுதுவது?

சீனன்குடா_ஷிப்ட்

வணக்கம். எங்கள் பிளான்ட் மனேஜர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். மீன் பதனிடுவதும் ஐஸ் செய்வதும் எங்கள் வேலை. பிரியாவிடை வைபவம் சனிக்கிழமை பின்னேரம், உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் ஹோலில். உற்பத்திப் பகுதி சார்பில் பேச என்னைப் போட்டிருக்கிறார்கள். நேரம் ஐந்து நிமிஷம்.

ஹோலில் நூற்றிருபது பேர் வரை இருப்பார்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் தமிழும் இங்கிலீசும் கலந்துதான் கதைப்போம். கொழும்பு ஹெட் ஒபிசிலிருந்து இரண்டு டிரெக்டர்மார் வருகிறார்கள், அவர்களுக்குத் தமிழ் விளங்காது. சேருடைய அம்மாவும் வருகிறா, அவவுக்கு இங்கிலீஸ் தெரியாது.

நான் ஒரு பந்தி தமிழ், அதே பந்தி இங்கிலீஸ் என்று எழுதிக்கொண்டு போனேன். தொடக்கம் இப்படி:

"எமது மதிப்புக்குரிய பிளான்ட் மனேஜர் அவர்கள் தொலைநோக்குடைய தலைவர். அவரது துடிப்பான தலைமைத்துவத்தின் கீழ் எமது நிறுவனம் பல வெற்றிகளைக் கண்டது. ஹி ஹேஸ் பீன் எ விஷனரி லீடர். அண்டர் ஹிஸ் டைனமிக் லீடர்ஷிப் த கம்பனி ஹேஸ் சீன் மெனி சக்சஸஸ்."

வாசித்துப் பார்த்தால் ஒன்பது நிமிஷத்துக்கு மேல் போகிறது. எங்கே வெட்டுவது? இங்கிலீசைக் குறைத்தால் டிரெக்டர்மார் சும்மா இருப்பார்கள், தமிழைக் குறைத்தால் எங்கள் பெடியள் கேட்கமாட்டார்கள்.

உவர்மலை_வாசகன்

நீங்கள் பிடித்த முறை சரிதான், மாற்றாதீர்கள். பந்திக்குப் பந்தி இரண்டு மொழியிலும் சொன்னால்தான் ஒருவரும் விடுபடமாட்டார்கள். திணைக்கள வைபவங்களிலும் அப்படித்தான் செய்கிறார்கள். பிரச்சினை நீளம் மட்டும்தான். எட்டுப் பந்தி இருந்தால் நாலாக்குங்கள், நேரத்துக்குள் வந்துவிடும். தமிழ் விளங்காத விருந்தினரை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்க வைப்பது மரியாதை இல்லை.

தம்பலகாமம்_மகள்

என் அப்பா பள்ளிக்கூட அதிபராக ஓய்வு பெற்றபோது அவரே எழுதிய பதிலுரை நல்லாயிருந்தது. முதலில் தன் ஆசிரியர்களுக்கு நன்றி, பிறகு கூட வேலை செய்தவர்களுக்கு, கடைசியில் அம்மாவுக்கு. உங்கள் மனேஜரும் அந்த ஒழுங்கில் எழுதினால் ஒருவரையும் மறக்கமாட்டார். பொன்னாடை போர்த்திய கையோடு பேசச் சொல்லாதீர்கள், அப்பாவுக்கு அதைத் தோளில் பிடித்துக்கொண்டு பேப்பர் புரட்டப் பெரிய கஷ்டமாகிவிட்டது.

சீனன்குடா_ஷிப்ட்

அக்கா, பதிலுரை சேர் தானே எழுதுவார். நான் கேட்டது எங்கள் பக்கத்துப் பேச்சு. பொன்னாடை விஷயத்தை ஏற்பாடு செய்கிற ஆட்களிடம் சொல்லிவிடுகிறேன், நல்ல யோசனை.

பாலையூற்று_டீச்சர்

தம்பி, நான் இங்கிலீஸ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். திருகோணமலையில் நிறைய வைபவங்களுக்கு அறிவிப்பும் செய்திருக்கிறேன். உவர்மலை ஐயா சொன்ன மரியாதை விஷயம் சரி. ஆனால் அதற்கு அவர் சொல்லும் வழி மேடையில் எடுபடாது.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் ஹோலில் நூறு பேருக்கு மேல் இரண்டு மொழியும் விளங்கும். பந்திக்குப் பந்தி மொழிபெயர்த்தால் அந்த நூறு பேரும் ஒவ்வொரு விஷயத்தையும் இரண்டு தரம் கேட்கிறார்கள். முதல் தரம் கேட்டதும் இரண்டாவது முடியும்வரை பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கத் தொடங்குவார்கள். மூன்றாவது பந்தியில் அந்தச் சத்தம் ஹோல் முழுக்கப் பரவிவிடும். பகிடி சொன்னால் இன்னும் மோசம். தமிழில் சொன்னதற்குச் சிரித்து முடித்தவர்கள் இங்கிலீசில் சொல்லும்போது சிரிக்கமாட்டார்கள். அப்போது அந்த இரண்டு டிரெக்டர்மாரும் தனியாகச் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் இருப்பார்கள். திணைக்கள வைபவத்தின் முறை வேறு. இது ஒரு மனிதரை வழியனுப்புகிற இடம்.

முதலில் யாருக்கு எது உண்மையாகவே விளங்காது என்று பாருங்கள். டிரெக்டர்மார் இருவருக்கும் தமிழ் விளங்காது. அம்மாவுக்கு இங்கிலீஸ் விளங்காது. மற்ற எல்லாருக்கும் நீங்கள் கன்டீனில் கதைக்கிற தமிழ் விளங்கும். அப்படியென்றால் பேச்சின் உடம்பு அந்தக் கன்டீன் தமிழ்தான். ஷிப்ட், பிரேக்டவுன், கொம்பிரசர், லோட் எல்லாம் உள்ளபடியே வரட்டும். இங்கிலீஸ் ஒரே இடத்தில், முழு வாக்கியங்களாக, முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம் அளவுக்கு வரட்டும். அதை டிரெக்டர்மாரைப் பார்த்துச் சொல்லுங்கள். தமிழில் சொன்னதையே அதில் திருப்பிச் சொல்லக் கூடாது. ஹெட் ஒபிசில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றை அங்கே சொல்லுங்கள். அப்போது தமிழ் ஆட்களும் காதைக் கொடுப்பார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கும் புதிது.

அப்புறம் நீளம். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிஷத்துக்குத் தொண்ணூறு, நூறு தமிழ்ச் சொல்தான் போகும். தமிழ்ச் சொல் நீளம், இங்கிலீஸ் கணக்கைப் பார்த்து எழுதக் கூடாது. கைதட்டுக்கும் சிரிப்புக்கும் இடம் விட்டால் ஐந்து நிமிஷத்துக்கு 400 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள்.

தொலைநோக்கு, துடிப்பான தலைமைத்துவம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு வரியை எந்த ஊரில் எந்த மனேஜருக்கும் வாசிக்கலாம். அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். ஒன்று போதும். எந்த நாள், எந்த இடம், அவர் வாயால் என்ன சொன்னார்? அதை இங்கே எழுதுங்கள், பேச்சைச் சேர்ந்து கட்டுவோம்.

நிலாவெளி_தமிழ்

டீச்சர் சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். கன்டீன் தமிழை மேடைக்கு ஏற்றக் கூடாது. ஆலை முகாமையாளர், அமுக்கி, பணிமுறை என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் உழைத்துவிட்டுப் போகும் நாளிலாவது தமிழ் தமிழாக இருக்கட்டும்.

சீனன்குடா_ஷிப்ட்

டீச்சர், நன்றி. ஒரு சம்பவம் இருக்கிறது. சில வருஷத்துக்கு முந்தி, கச்சான் காற்று அடிக்கிற காலம். இரவு ஷிப்ட். கொம்பிரசர் ரூமில் அமோனியா லீக் ஆனது. மணம் வந்ததும் அலாம் அடித்தோம். எங்கள் அசெம்பிளி பொயின்ட் ஜெட்டிப் பக்கம், ட்ரெயினிங்கில் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். எல்லாரும் அங்கே ஓட வெளிக்கிட்டோம்.

சேர் அன்றைக்கு குவாட்டர்சில் நின்றவர், சாரத்தோடு வந்தார். வந்ததும் கேற்றில் பறந்த கொடியைப் பார்த்தார். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது, அப்படியென்றால் காஸ் நேரே ஜெட்டிக்குத்தான் போகும். "அங்க போகாத, ரோட்டுக்கு வா" என்று கத்தி எல்லாரையும் முன் கேற்றுக்குத் திருப்பினார். எங்கள் ஒபரேட்டர் பிரைன் டாங்கியில் ஐஸ் கிடக்கிறதே, லோட் விடியப் போகவேண்டுமே என்று சொல்ல, சேர் சொன்னார்: "மெசினை விடு. ஆளை எண்ணு."

எண்ணினால் ஒரு ஆள் குறைவு. புதிதாக வந்த பெடியன் ஒருவன் முதலே ஜெட்டிக்கு ஓடிவிட்டான். சேர் மாஸ்க் போட்டுக்கொண்டு வெளி மதிலைச் சுற்றிப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் கண்ணைத் திறக்க முடியாமல் நின்றவன். கேற்றடிக் குழாயில் வைத்து நெடுநேரம் கண் கழுவிவிட்டார். அந்தப் பெடியன் இப்போது எங்கள் கொம்பிரசர் ஒபரேட்டர்.

இரண்டு நாள் புரொடக்ஷன் நின்றது. ஒரு வால்வில் வேலை செய்தவர் கிளாண்டைச் சரியாக இறுக்காததுதான் காரணம். இதைச் சொல்லலாமா?

கிண்ணியா_மெக்கானிக்

நான் ஐஸ் பிளான்ட்களில் வேலை செய்தவன். கதை அருமை. ஆனால் நாலு விஷயம் கவனியுங்கள்.

கிளாண்ட் கதையை எடுத்துவிடுங்கள். அந்த ஃபிட்டர் அதே ஹோலில் இருப்பார், அவர் குடும்பமும் இருக்கும். பேர் சொல்லாவிட்டாலும் உங்கள் ஆட்கள் எல்லாரும் திரும்பி அவரைத்தான் பார்ப்பார்கள். காரணம் ஒரு வைபவத்துக்குத் தேவையில்லை.

இரண்டாவது, மேடையில் காஸ் என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலைத்தலத்தில் நாங்கள் காஸ் என்றால் அமோனியா என்று விளங்கும். அம்மாவுக்கும் வீட்டு ஆட்களுக்கும் அடுப்புக் காஸ்தான் நினைவுக்கு வரும், தீப்பிடித்ததாக நினைப்பார்கள். அமோனியா என்று சொல்லி, கண்ணையும் மூச்சையும் பிடிக்கிறது என்று ஒரு வரி சொன்னால் சேர் செய்த காரியத்தின் கனம் அவர்களுக்கும் தெரியும்.

மூன்றாவது, அந்தக் கொடியைப் பார்த்த இடம்தான் கதையின் உயிர், அதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அமோனியா காற்றை விட லேசு, மேலே போய்விடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஈரக் காற்றில் அது வெள்ளைப் புகார் மாதிரி நிலத்தோடு படிந்து காற்றுப் போகிற பக்கம் இழுபடும். எங்கள் பக்கம் கடற்கரை முழுக்க ஈரம்தானே. அதனால் எந்த இடம் அசெம்பிளி பொயின்ட் என்பதை விட அந்த நேரம் காற்று எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். இந்த வேலை தெரிந்த ஆள்தான் முதலில் கொடியைப் பார்ப்பார்.

கடைசியாக, மாஸ்க் போட்டுப் போனார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதை விட்டால் கேட்கிற புதுப் பெடியள் அடுத்த தரம் வெறும் முகத்தோடு உள்ளே ஓடுவார்கள். ஹெட் ஒபிசுக்கு இந்தச் சம்பவம் ரிப்போட் ஆனதா? ஆகவில்லை என்றால் டிரெக்டர்மார் முன்னால் வாயே திறக்காதீர்கள், போகிற நேரத்தில் அவருக்குச் சிக்கல் வரும்.

சீனன்குடா_ஷிப்ட்

ரிப்போட் ஆனது அண்ணை, சேரே அடுத்த நாள் எழுதி அனுப்பினார். ஆனால் அதில் லீக், ஆக்களுக்குப் பெரிய காயம் இல்லை, புரொடக்ஷன் இரண்டு நாள் நின்றது, அவ்வளவுதான். தான் போய்க் கூட்டிவந்ததை எழுதவில்லை. அசெம்பிளி பொயின்டை இரண்டாக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். இப்போது ரோட்டுப் பக்கமும் ஒன்று இருக்கிறது.

பாலையூற்று_டீச்சர்

உங்கள் இங்கிலீஸ் பந்தி கிடைத்துவிட்டது தம்பி. டிரெக்டர்மார் அந்த ரிப்போட்டைப் பார்த்திருப்பார்கள். அதில் அவர் எழுதாததை நீங்கள் சொல்லுங்கள்.

நிலாவெளித் தம்பிக்கு ஒரு பதில். அன்பளிப்போடு அச்சடித்துக் கொடுக்கிற வாழ்த்து மடலில் ஆலை முகாமையாளர் என்றுதான் வரவேண்டும், அது சுவரில் தொங்கப் போவது. மேடையில் அமுக்கி என்றால் அந்த ஹோலில் யாருக்கும் அவர்களுடைய மெசின் கண்ணுக்கு முன்னால் வராது. ஆனால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, அது சேர வேண்டிய இடம் வேறு. பொருள்களின் பெயர் இங்கிலீசில் வந்தால் ஒன்றும் கெடாது. மனசிலிருந்து வருகிற சொல் இங்கிலீசில் வந்தால் பேச்சு வறண்டுபோகும். "சேரை அப்ரிஷியேட் பண்றோம், மிஸ் பண்ணுவோம், விஷ் பண்றோம்" என்று அடுக்கினால் கேட்பவருக்கு ஒன்றும் படாது. அந்த இடங்களில் மட்டும் பிடிவாதமாகத் தமிழ் சொல்லுங்கள்.

கீழே ஒரு வரைவு. நீங்கள் உங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றுங்கள்.

"எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், குட் ஈவினிங். முதல்ல சேருடைய அம்மாவுக்கு என்ர வணக்கம். அம்மா, நீங்க வந்தது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

நான் இரவு ஷிப்ட் ஆள். இரவு ஷிப்டில நிக்கிறவனுக்கு ஒரு மனேஜரைப் பற்றி ஒரு விஷயம் கட்டாயம் தெரியும். கோல் எடுத்தா அவர் ஆன்சர் பண்ணுவாரா இல்லையா எண்டு. எங்கட சேர் ரெண்டாவது ரிங்கில எடுப்பார். எடுத்த உடன கேக்கிறது ஒரே கேள்வி: 'ஆக்கள் ஓகேயா?' பிறகுதான் என்ன பிரேக்டவுன் எண்டு கேப்பார்.

ஒரு நாள் இரவு கொம்பிரசர் ரூமில அமோனியா லீக். அம்மா, அது கண்ணைத் திறக்க விடாது, மூச்சை அடைக்கும். அலாம் அடிச்ச உடன நாங்க எல்லாரும் ஜெட்டிக்கு ஓட வெளிக்கிட்டம். அங்கதான் அசெம்பிளி பொயின்ட். சேர் குவாட்டர்சில இருந்து வந்தார். வந்தவர் எங்களைப் பார்க்கேல்ல, பிளான்டைப் பார்க்கேல்ல. கேற்றில இருந்த கொடியைப் பார்த்தார். கச்சான் அடிக்குது. கொடி கடல் பக்கம் பறக்குது. காத்து எங்க போகுதோ அங்கதான் அமோனியாவும் போகும். எங்களை ரோட்டுப் பக்கம் திருப்பினார்.

எங்கட ஒபரேட்டர் கேட்டார், சேர், டாங்கியில ஐஸ் கிடக்கு, விடிய லோட் போகவேணுமே. சேர் சொன்னார்: 'மெசினை விடு. ஆளை எண்ணு.'

எண்ணினம். ஒரு ஆள் குறைஞ்சுது."

இங்கே நிறுத்துங்கள். நிமிர்ந்து டிரெக்டர்மாரைப் பாருங்கள். அவர்களைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு இங்கிலீசுக்குப் போங்கள்.

"சேர்ஸ், யூ ஸோ த ரிப்போட் ஃப்ரம் தட் நைட். இட் செட், டூ டேய்ஸ் புரொடக்ஷன் லொஸ்ட். இட் செட், நோ சீரியஸ் இஞ்சரி. இட் டிட் நொட் சே வை. வன் யங் மேன் வோஸ் அலோன் அட் த ஜெட்டி, இன் த அமோனியா, ஹிஸ் ஐஸ் க்ளோஸ்ட். அவர் மனேஜர் புட் ஒன் த மாஸ்க், வென்ட் அரவுண்ட் த வோல் அண்ட் ப்ரோட் ஹிம் பேக். ஹி வொஷ்ட் த போய்ஸ் ஐஸ் ஹிம்செல்ஃப். நெக்ஸ்ட் மோர்னிங் ஹி ரோட் யுவர் ரிப்போட் அண்ட் லெஃப்ட் ஹிம்செல்ஃப் அவுட். வீ தோட் யூ ஷுட் நோ."

பிறகு மறுபடி தமிழ்:

"அந்தப் பெடியன்தான் இப்ப எங்கட கொம்பிரசர் ஒபரேட்டர். புதுசா வாற ஆக்களுக்கு அவன் முதல்ல காட்டுறது கொம்பிரசரை இல்ல, கேற்றில இருக்கிற கொடியை.

சேர், நீங்க எங்களை ஏசின நாளும் இருக்கு. லொக் புக் எழுதாட்டி ஏசுவீங்க. ஏசினாலும் அடுத்த நாள் தேத்தண்ணி நேரத்தில பக்கத்தில வந்து இருப்பீங்க. எங்கட பிள்ளையள் என்ன படிக்கினம் எண்டு கேப்பீங்க. அதுக்கெல்லாம் இரவு ஷிப்ட் சார்பில நன்றி. இனி இரவில ஃபோன் அடிச்சா எடுக்கத் தேவையில்ல. நல்லாத் தூங்குங்கோ. நீங்களும் அக்காவும் அம்மாவும் நல்லா இருக்கவேணும்."

இது மூன்று, மூன்றரை நிமிஷம் போகும், அவசரப்படாமல் வாசித்தால். இங்கிலீசில் அவர் வாயால் சொன்ன "மெசினை விடு" வரியை நான் வேண்டுமென்றே கொண்டுபோகவில்லை. அது தமிழில் நடந்தது, தமிழில் இருக்கட்டும். டிரெக்டர்மாருக்கு அந்த வரி இல்லாமலே கதை முழுசாக விளங்கும். அம்மாவுக்கும் அப்படித்தான், இங்கிலீஸ் பந்தி விளங்காவிட்டாலும் "ஒரு ஆள் குறைஞ்சுது" என்பதற்கும் "அந்தப் பெடியன்தான்" என்பதற்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பிடித்துக்கொள்வா.

உவர்மலை_வாசகன்

நல்ல பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா விஷயத்தில் எனக்குத் திருப்தி இல்லை. தன் மகன் மாஸ்க் போட்டு உள்ளே போனதை அந்தத் தாய் ஊகிக்க வேண்டுமா? அது மட்டும் தமிழிலும் ஒரு வரி வரவேண்டும்.

பாலையூற்று_டீச்சர்

அதைச் சேர்க்கலாம் ஐயா. தமிழுக்குத் திரும்பும்போது "அம்மா, உங்கட மகன் கையைப் பிடிச்சுக் கூட்டிவந்த அந்தப் பெடியன்தான்" என்று தொடங்கட்டும். ஒரு வரிதான், திருப்பிச் சொல்வது மாதிரித் தெரியாது.

சீனன்குடா_ஷிப்ட்

டீச்சர், எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு சந்தேகம். இங்கிலீஸ் பந்தியை நீங்கள் இங்கே எழுதிய மாதிரித் தமிழ் எழுத்தில் பிரிண்ட் எடுக்கவா? எனக்குத் தமிழ் எழுத்துத்தான் கண் வேகமாக ஓடும்.

கிண்ணியா_மெக்கானிக்

நான் டூல்பொக்ஸ் மீற்றிங்கில் அப்படித்தான் எழுதி வைத்து வாசிப்பேன். பயம் இல்லாமல் வரும். அப்படியே எடுங்கள்.

பாலையூற்று_டீச்சர்

பழக்கம் இருந்தால் சரி, ஆனால் மேடை வெளிச்சத்தில் இடறுகிற இடங்கள் இருக்கின்றன. என் வரைவிலேயே பாருங்கள், "அவர் மனேஜர்" என்று எழுதியிருக்கிறேன், எங்கள் மனேஜர் என்ற பொருளில். தமிழ்ப் பந்தியிலிருந்து வருகிற கண் அதை அவர் என்றே வாசித்துவிடும். அதே பந்தியில் "ஐஸ்" கண்களைக் குறிக்கிறது, நீங்கள் வேலை செய்வதோ ஐஸ் பிளான்டில். "பேக்" என்று எழுதினால் பையா, பின்னாலா, பொதியா என்று தமிழ் எழுத்து காட்டாது. அதனால் இங்கிலீஸ் பந்தியை மட்டும் இங்கிலீஸ் எழுத்தில், பெரிய எழுத்தாக, தனித் தாளில் எடுங்கள். இந்த ஒன்பது வாக்கியத்தையும் வாய்க்குப் பழக்கிவிட்டால் தாளைப் பார்க்கவே தேவைப்படாது. தமிழ்ப் பகுதியைக் கதைக்கிற மாதிரியே எழுதி எடுங்கள். எழுத்துத் தமிழில் எடுத்துவிட்டு மேடையில் மாற்றிப் பேசப் பார்த்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

பிளான்டன்பொயின்ட்_நண்பன்

உங்கள் இடத்தில் சிங்களச் சகோதரர்களும் இருப்பார்களே? தமிழும் இங்கிலீசும் மட்டும் பேசினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? கடைசியில் இரண்டு வரி சிங்களத்தில் சேர்க்கலாமே.

சீனன்குடா_ஷிப்ட்

ஐந்தாறு பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் மெயின்டனன்சில். எங்களோடு தமிழும் கதைப்பார்கள். என் சிங்களம் சந்தையில் சாமான் வாங்கத்தான் காணும். மனப்பாடம் செய்து சொல்லலாமா?

கிண்ணியா_மெக்கானிக்

வேண்டாம். நீங்கள் நன்றி சொல்லி முடித்ததும் அவர்களில் மூத்தவர் ஒருவரை மேடைக்குக் கூப்பிடுங்கள். அவர் தன் பாஷையில் இரண்டு வரி சொல்லட்டும், அரை நிமிஷம் போதும். சேருக்கும் அது சந்தோஷம். ஆனால் முந்தின நாளே அவரிடம் சொல்லி வையுங்கள், திடீரென்று கூப்பிட்டால் சங்கடம்.

அப்புறம் எத்தனை மணிக்கு உங்கள் பேச்சு? ஆறு மணிக்கு வைபவம் தொடங்கினால் எங்கள் ஆட்கள் மஃரிபுக்கு எழும்பிப் போவார்கள். அந்த நேரத்தில் பேச்சு வந்தால் பாதி இரவு ஷிப்டும் வெளியில் நிற்கும். தொழுகை முடிந்த பிறகு உங்களைப் போடச் சொல்லுங்கள்.

நிலாவெளி_தமிழ்

டீச்சருடைய வரைவை வாசித்தேன். அமுக்கியை விட்டுவிடுகிறேன். ஆனால் "சேர்" என்ற அழைப்பு கடைசிப் பந்தியில் எனக்கு உறுத்துகிறது. சேரோடு தொடங்கட்டும், முடிக்கும் இடத்தில் "ஐயா" என்று வந்தால் என்ன? இனி அவர் மனேஜர் இல்லையே.

தம்பலகாமம்_மகள்

எனக்கும் அப்படித்தான் படுகிறது. அப்பாவை அன்றைக்கு ஒரு பழைய மாணவர் மேடையில் "அண்ணை" என்று கூப்பிட்டார். அப்பா அதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

கிண்ணியா_மெக்கானிக்

சேர் என்றே முடியட்டும். ஃபோனில் எத்தனை இரவு சேர் என்று கூப்பிட்டிருப்பார், திடீரென்று ஐயா என்றால் வேறு ஆளிடம் பேசுகிற மாதிரி இருக்கும்.

பாலையூற்று_டீச்சர்

இதை நாங்கள் தீர்க்க முடியாது. தம்பி வாயில் எது வருகிறதோ அதுதான். என் விருப்பம் சேர்.

நான் கேட்க வேண்டியது வேறு ஒன்று. அந்தப் பெடியனிடம் கேட்டீர்களா? அவனும் அங்கே இருப்பான், அவன் வீட்டாரும் வருவார்களாக்கும். பேர் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரியும். தான் பயந்து ஓடிய இரவை மேடையில் கேட்க அவனுக்கு விருப்பம் இருக்க வேண்டும்.

சீனன்குடா_ஷிப்ட்

கேட்கவில்லை டீச்சர். இன்றைக்கு அவன் என் ஷிப்ட்தான், இரவு கேட்கிறேன். வேண்டாம் என்றால் முழுக் கதையும் போய்விடுமே?

கிண்ணியா_மெக்கானிக்

போகாது. ஆள் குறைந்த பகுதியை மட்டும் எடுத்தால் போதும். கொடியைப் பார்த்துத் திருப்பினதும், "ஆளை எண்ணு" என்றதும், ரிப்போட்டில் தன்னைப் பற்றி எழுதாமல் இரண்டாவது அசெம்பிளி பொயின்ட் கேட்டதும் மிச்சம் இருக்கும். இங்கிலீஸ் பந்தியில் டிரெக்டர்மாருக்கு அந்த அசெம்பிளி பொயின்ட் ஏன் வந்தது என்று சொல்லுங்கள், காசு ஒதுக்கினது அவர்கள்தானே.

சீனன்குடா_ஷிப்ட்

கேட்டேன். முதலில் யோசித்தான். பிறகு, பேர் சொல்லியே சொல்லுங்கோ அண்ணை, ஆனால் நான் ட்ரெயினிங்கில சொன்ன இடத்துக்குத்தான் ஓடினேன் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ என்றான். அவன் சொல்வது நியாயம், பிழையான இடத்துக்கு ஓடினவன் என்று ஒருவரும் நினைக்கக் கூடாது. டீச்சர், அந்த வரியை இங்கிலீசில் போடவா தமிழில் போடவா?

பாலையூற்று_டீச்சர்

இரண்டிலும். இந்த ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொல்லலாம். இங்கிலீசில் "ஹி ஹேட் கொன் எக்ஸாக்ட்லி வேர் வீ ட்ரெயின்ட் ஹிம் டு கோ" என்று ஜெட்டி வரிக்கு அடுத்ததாக வரட்டும். தமிழில் அவன் பேரைச் சொன்ன கையோடு சொல்லுங்கள். நேரம் தாண்டினால் லொக் புக் வரியை வெட்டுங்கள்.